ப்ரீ-பிட் பதில்கள் விலைக்குள் வரும் வழி

பெரிய கட்டுமான டெண்டர் ஒன்றுக்கு விலை போட உட்காரும் காண்ட்ராக்டர் அலுவலகத்துக்கு, மூல ஆவணத்தை இறக்கிய சில வாரங்களுக்குள் இன்னும் மூன்று வகைத் தாள்கள் வந்து சேர்கின்றன. ஒன்று, ப்ரீ-பிட் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. இரண்டாவது, எழுத்தில் கேட்ட கேள்விகளுக்கு அலுவலகம் தந்த பதில்களின் அட்டவணை. மூன்றாவது, அடெண்டம் என்றும் கொரிஜெண்டம் என்றும் சொல்லப்படும் திருத்த அறிவிப்பு. மூன்றும் சேர்ந்தால் மூல ஆவணத்தில் பாதியளவுகூட வந்துவிடும். ஆனால் போடப்போகும் விலையைத் தொடும் வரிகளை மட்டும் பொறுக்கினால் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம்தான் தேறும். எந்த வரிகள் அந்த இரண்டு பக்கத்துக்குள் வர வேண்டும், எந்த அடிப்படையில் வர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வேலை எளிது என்று தோன்றக் காரணம் உண்டு. "இந்தப் பிரிவு இப்படி மாற்றப்படுகிறது" என்று அடெண்டம் வெளிப்படையாகச் சொல்லும் மாற்றத்தை யாரும் தவறவிடுவதில்லை. எனக்குத் தெரிந்தவரை நட்டம் வருவது அங்கிருந்து அல்ல. மாற்றம் போலவே தோன்றாமல், ஒரு சாதாரண விளக்கம் போல உட்கார்ந்திருக்கும் பதில்களிலிருந்துதான் வருகிறது. அவை பட்டியலின் எந்த அளவையும் மாற்றுவதில்லை. ஆனால் ஒரு செலவை யாருடைய தலையில் என்று முடிவு செய்துவிடுகின்றன.

முதலில் இந்த மூன்று தாள்களின் தகுதி ஒன்றல்ல என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உலக வங்கிக் கடனில் நடக்கும் பணிகளின் மாதிரி டெண்டர் ஆவணம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ப்ரீ-பிட் கூட்டத்தின் விளைவாக ஆவணத்தில் மாற்றம் தேவைப்பட்டால், அது அடெண்டம் மூலம் மட்டுமே செய்யப்பட வேண்டும், கூட்டக் குறிப்பின் மூலம் கூடாது என்று அது கூறுகிறது. வெளியிடப்பட்ட அடெண்டம் ஆவணத்தின் பகுதியாகிவிடுகிறது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஆவணங்களின் முன்னுரிமை வரிசையின் மேற்பகுதியிலேயே அடெண்டத்துக்குப் பெயர் சொல்லி இடம் இருக்கிறது. கூட்டக் குறிப்புக்கு அப்படி ஓர் இடம் அந்த வரிசையில் இல்லை.

நம் நாட்டு விதிகள் வேறு கோணத்தில் எழுதப்பட்டவை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, ப்ரீ-பிட் கூட்டத்தின் பதிவை எல்லா ஒப்பந்தப்புள்ளிதாரர்களுக்கும் தெரிவிக்க வேண்டும், டெண்டர் அறிவிப்பு வெளியான இணையதளத்திலும் வெளியிட வேண்டும் என்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதன் விதிகள் 2000-இல் வந்தன. அந்த விதிகளின்படி, திறப்புக்கு 48 மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் விளக்கம் கேட்டால், கேட்டவர் யார் என்று காட்டாமல் அந்தப் பதிலின் நகல் ஆவணம் வாங்கிய அனைவருக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் அக்கறை ஒன்றுதான்: ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போகக் கூடாது. பதில் எந்த அளவுக்கு ஆவணத்தை மாற்றும் என்ற கேள்வியை, அந்தந்த டெண்டரின் அறிவுரைப் பகுதியில்தான் தேட வேண்டியிருக்கிறது. சில அலுவலகங்கள் "கேள்வி-பதில் அட்டவணை டெண்டரின் அங்கமாகக் கருதப்படும்" என்று ஒரு வரி சேர்க்கின்றன. அந்த வரி இருந்தால் அட்டவணையின் ஒவ்வொரு பதிலும் அடெண்டத்துக்குச் சமம். இல்லையென்றால், பதில் என்பது ஏற்கெனவே உள்ள சொற்களுக்கு அலுவலகம் தரும் பொருள், அவ்வளவே.

"அவ்வளவே" என்று அதை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. நாக்பூர் மெட்ரோ தொடர்பான 2016-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், டெண்டர் ஆவணத்தை எழுதியவரே அதன் தேவைகளை அறிந்து பொருள் சொல்வதற்கு ஏற்றவர் என்றும், கெட்ட நோக்கமோ முறைகேடோ இல்லாதவரை அந்தப் பொருளை ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே விலை போடுகிறவர் ஒரு விளக்கப் பதிலைப் பார்த்து, "இது சட்டப்படி மாற்றம் இல்லை, அதனால் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்று ஒதுக்கினால், பின்னால் அதே பதில் அவருக்கு எதிராகவே வாசிக்கப்படும். தகுதியைப் பார்ப்பது ஒதுக்குவதற்காக அல்ல. எதை ஆவணத்தின் வாசகமாக ஏற்ற வேண்டும், எதை அபாயமாகக் கருதி விலையில் சேர்க்க வேண்டும் என்று பிரிப்பதற்காக.

அந்தப் பிரிப்பைத் தொடங்குவதற்குச் சரியான வரிசை, தாள்கள் வந்த வரிசைக்கு நேர் எதிரானது. கடைசி அடெண்டத்திலிருந்து முதலாவதை நோக்கி வர வேண்டும். அதன் பிறகு பதில் அட்டவணை. கூட்டக் குறிப்பு கடைசியில். குறிப்பை முதலில் படித்தால் அதில் பேசப்பட்டவை மனதில் முடிவுகளாகவே பதிந்துவிடும். கூட்டத்தில் நிர்வாகப் பொறியாளர் தலையாட்டியது நினைவில் நிற்கும். அவர் தலையாட்டியது அடெண்டத்தில் வந்ததா என்பது மறந்துபோகும்.

பதில்கள் நான்கு விதமாக வருகின்றன. வாசகத்தை மாற்றுபவை முதல் விதம். கேட்டதை மறுப்பவை இரண்டாவது. "டெண்டர் நிபந்தனையில் மாற்றம் இல்லை" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். இருப்பதை உறுதிப்படுத்துபவை மூன்றாவது. "பிரிவு இன்னதைப் பார்க்கவும்" என்ற வடிவில் வரும். நான்காவது விதம்தான் விலை போடுகிறவர் நின்று படிக்க வேண்டியது: "ஒப்பந்ததாரர் களத்தைப் பார்வையிட்டுத் தாமே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும்", "பொறியாளர் சொல்கிறபடி", "இது குழாய் பதிக்கும் விகிதத்தில் அடங்கியதாகக் கருதப்படும்". இவை வாசகத்தை மாற்றவில்லை, கேட்டதை மறுக்கவும் இல்லை. ஒரு செலவின் உரிமையாளரை மட்டும் சொல்லிவிட்டுப் போகின்றன. "பார்க்கவும்" என்று வரும் மூன்றாம் வகைப் பதிலையும் அப்படியே தள்ளிவிடக் கூடாது. காட்டிய பிரிவைத் திறந்து பார்த்து, கேட்ட கேள்விக்கு அங்கே உண்மையில் விடை இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பதில் நான்காம் வகையைச் சேர்ந்தது.

ஒரு பணியை எடுத்து இதைக் கணக்கோடு பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக அமைத்த கணக்கு இது. விலைகளும் அதற்காகப் போட்டவையே. ஒரு நகராட்சியில் 12,400 மீட்டர் நீளத்துக்கு 200 மி.மீ. டிஐ குடிநீர்க் குழாய் பதிக்கும் பணி. பன்னாட்டு வங்கிக் கடன். ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி விலை எழுதும் டெண்டர். ஒப்பந்தப்புள்ளி தர வேண்டிய கடைசி நாள் அக்டோபர் 20 என்று முதலில் அறிவித்தார்கள். கேள்விகள் 64 வந்தன. பதில் அட்டவணையும் கூட்டக் குறிப்பும் இரண்டு அடெண்டங்களும் வெளியாயின.

முதல் மாற்றம் எளிமையானது. பட்டியலில் கே-7 வகைக் குழாய் மட்டுமே இருந்தது. நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களுக்கு எந்த வகை என்று ஒருவர் கேட்டார். அங்கெல்லாம் கே-9 என்று பதில் வந்தது. முதல் அடெண்டம் 640 மீட்டருக்கு ஒரு புதிய இனத்தைச் சேர்த்து, கே-7 அளவை 11,760 மீட்டராகக் குறைத்தது. இந்த எண் குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிப்பது. மி.மீ. கணக்கில் `e = K(0.5 + 0.001 DN)` என்ற சூத்திரப்படி, 200 மி.மீ. குழாய்க்குக் கே-9 என்றால் 6.3 மி.மீ., கே-7 என்றால் ஏறத்தாழ 5 மி.மீ. இரும்பு கால் பங்குக்கு மேல் கூடுகிறது என்பதால் விலையும் கூடும். மீட்டருக்கு 450 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தால் 640 மீட்டருக்கு 2,88,000 ரூபாய்.

ஆனால் பின்னால் வந்த இரண்டாம் அடெண்டம் பட்டியல் முழுவதையுமே புதிதாக வெளியிட்டது. அதில் கே-9 நீளம் 810 மீட்டர், கே-7 நீளம் 11,590 மீட்டர். இதைப் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை, எந்தப் பதிலும் இல்லை. வரைபடத்தை மறுபடி பார்த்த பொறியாளர் ஒருவர் அளவைச் சரிசெய்திருப்பார். கேள்வி-பதில்களை மட்டும் வைத்துச் சுருக்கம் தயாரித்தவர் 640-இலேயே நின்றுவிடுவார். சரியான தொகை 810 பெருக்கல் 450, அதாவது 3,64,500 ரூபாய். சுருக்கத் தாளில் இறுதி நிலைதான் கணக்குக்குப் போக வேண்டும். 640 என்ற இடைநிலை எண்ணை ஓரத்தில் "முதல் அடெண்டம், நீக்கப்பட்டது" என்று குறித்து வைத்தால் போதும். பழைய தாளோடு வேலை செய்துகொண்டிருக்கும் வேறொருவர் அலுவலகத்தில் எப்போதும் இருப்பார் என்பதால் அந்தக் குறிப்பு தேவைப்படுகிறது.

கேள்வி கேட்கப்படாத மாற்றங்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் இனம் இனமாக ஒப்பிடுவது. வரி எண்ணை வைத்து ஒப்பிட்டால், நடுவில் ஓர் இனம் சேர்ந்தவுடன் அதற்குக் கீழே உள்ள எல்லாமே மாறியதாகக் காட்டும். இன எண்ணை வைத்துத் தேட வேண்டும். பழையது `Old` என்ற தாளிலும் புதியது `New` என்ற தாளிலும் இருந்து, முதல் நெடுவரிசை இன எண், நான்காவது அளவு என்றால், புதிய தாளில் இப்படி எழுதலாம்:

```
=XLOOKUP(A2,Old!A:A,Old!D:D,"NEW")
```

பழைய அளவு பக்கத்திலேயே வந்து நிற்கும். புதிய இனத்துக்கு எதிரே `NEW` என்று வரும். நீக்கப்பட்ட இனங்கள் இதில் தெரியாது. அதனால் பழைய தாளிலிருந்து புதியதை நோக்கியும் அதே தேடலை ஒருமுறை செய்ய வேண்டும். இதே முறையில் இனத்தின் விவரணையையும் அலகையும் ஒப்பிட வேண்டும். அளவு மாறாமல் அலகு மட்டும் மாறுவது உண்டு. விவரணையின் கடைசியில் "அகற்றுவது உட்பட" என்று இரண்டு சொற்கள் புதிதாகச் சேர்ந்திருப்பதும் உண்டு. அவை விலையை மாற்றும் அளவுக்கு அளவு மாற்றம்கூட மாற்றுவதில்லை.

இரண்டாவது செலவு எந்த அடெண்டத்திலும் இல்லாதது. குழாய் பதித்த பின் தார்ச்சாலையைச் சீர்செய்வது யார் பொறுப்பு, பட்டியலில் அதற்கு இனம் எதுவும் இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். வந்த பதில்: "தற்காலிகச் சீரமைப்பு ஒப்பந்ததாரரின் பொறுப்பு, அது குழாய் பதிக்கும் விகிதத்தில் அடங்கியதாகக் கருதப்படும். நிரந்தரச் சீரமைப்பை நகராட்சி செய்துகொள்ளும்." பட்டியலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் பள்ளத்தின் அகலம் 0.8 மீட்டர், தார்ச்சாலையில் ஓடும் நீளம் 9,000 மீட்டர் என்றால் 7,200 சதுர மீட்டர் பரப்பு. சதுர மீட்டருக்கு 180 ரூபாய் பிடித்தால் 12,96,000 ரூபாய். பெரிய மாற்றமாகத் தெரிந்த குழாய் வகை மாற்றத்தைவிட மூன்றரை மடங்கு.

இந்தத் தொகையை எங்கே ஏற்றுவது? பதில் காட்டிய இடத்தில்தான், அதாவது குழாய் பதிக்கும் இனத்தில். 12,400 மீட்டருக்குப் பிரித்தால் மீட்டருக்கு ஏறத்தாழ 104 ரூபாய் 50 காசு. இங்கே ஒரு கவனம் தேவை. பணி நடக்கும்போது மண்சாலையில் ஓடும் பகுதி குறைந்து தார்ச்சாலைப் பகுதி கூடினால், பதித்த மொத்த நீளம் மாறாமலேயே சீரமைப்புச் செலவு ஏறும். விலையோ அதே 104 ரூபாய்தான். ஆகவே தார்ச்சாலை நீளத்தை வரைபடத்திலிருந்து எடுத்ததோடு விடாமல் தெருவில் நடந்து பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். சுருக்கத் தாளில் அந்த இனத்துக்கு எதிரே 9,000 என்ற அனுமானத்தை எழுதி வைக்க வேண்டும். அனுமானம் எழுதப்படாத தொகையை, பின்னால் விலையைக் குறைக்கச் சொல்லும் உரிமையாளர் முதலில் வெட்டிவிடுவார்.

இந்தப் பதிலின் தகுதி என்ன என்பதையும் பார்க்க வேண்டும். தொழில்நுட்ப விவரக்குறிப்பில் "தோண்டிய பரப்பை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்" என்ற பொதுவான வரி ஒன்று இருந்தால், பதில் அதற்குத் தந்த பொருள். அதோடு விவாதம் முடிந்தது. அப்படி ஒரு வரியே இல்லையென்றால், விளக்கப் பதில் புதிய கடமை ஒன்றை உண்டாக்குகிறது. அதை அடெண்டமாக வெளியிடுங்கள், அல்லது தனி இனம் சேருங்கள் என்று கேள்விக்கான கடைசி நாளுக்குள் மறுபடி எழுதிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நாள் கடந்துவிட்டால் தொகையை ஏற்றியே ஆக வேண்டும். "சாலைச் சீரமைப்பு எங்கள் விலையில் சேரவில்லை" என்று ஒப்பந்தப்புள்ளியோடு ஒரு கடிதம் வைப்பது பலர் தேடும் குறுக்குவழி. அந்தக் கடிதம் ஒப்பந்தப்புள்ளியை நிபந்தனைக்குட்பட்டதாக்கிவிடும். தள்ளுபடி செய்ய அலுவலகத்துக்கு அது ஒன்றே போதும்.

மூன்றாவது, பணிக்காலம். 18 மாதத்தை 24 ஆக்க வேண்டும் என்று கூட்டத்தில் பலர் கேட்டார்கள். "கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்று குறிப்பில் பதிவாகியிருக்கிறது. இரண்டு அடெண்டங்களும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே காலம் 18 மாதம்தான். வாடகை இயந்திரங்கள், தள அலுவலகம், தாமதத்துக்கான பிடித்தம் எல்லாம் 18 மாதத்தை வைத்தே கணக்கிடப்பட வேண்டும். இந்த இனத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் "கேட்கப்பட்டது, கிடைக்கவில்லை, 18 மாதமே" என்று சுருக்கத் தாளில் ஒரு வரி எழுத வேண்டும் என்பேன். கூட்டத்துக்குப் போய்வந்தவர் "24 மாதம் தந்துட்டாங்க சார்" என்று மேலாளரிடம் சொல்லியிருப்பார். அந்தப் பேச்சை ஓர் எழுத்து வரி இல்லாமல் அழிக்க முடியாது.

நான்காவது, கடைசி நாளின் நீட்டிப்பு. எல்லோரும் மகிழ்ச்சியோடு வரவேற்கிற இந்த மாற்றம் பல இடங்களைச் சத்தமில்லாமல் தொடுகிறது. அக்டோபர் 20 என்பதை நவம்பர் 10 ஆக நீட்டினார்கள். ஒப்பந்தப்புள்ளி 120 நாள் செல்ல வேண்டும், அதற்கு மேல் 28 நாள் பிணைத்தொகை செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. பழைய தேதிப்படி ஒப்பந்தப்புள்ளி பிப்ரவரி 17 வரையும், வங்கி உத்தரவாதம் மார்ச் 17 வரையும் செல்லும். புதிய தேதிப்படி அவை மார்ச் 10, ஏப்ரல் 7. முன்கூட்டியே வங்கியில் உத்தரவாதம் எடுத்து வைத்த கவனமான காண்ட்ராக்டருக்குத்தான் இங்கே ஆபத்து. அவர் கையில் இருக்கும் உத்தரவாதம் 21 நாள் குறைவு. நீட்டிப்புக் கடிதத்தை வங்கியிடமிருந்து வாங்காமல் ஏற்றினால், விலையைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே ஒப்பந்தப்புள்ளி வெளியே போய்விடும்.

அதே நீட்டிப்பு விலையையும் தொடுகிறது. ஃபிடிக் வகை ஒப்பந்த நிபந்தனைகளில் அடிப்படைத் தேதி என்பது ஒப்பந்தப்புள்ளி தர வேண்டிய கடைசி நாளுக்கு 28 நாள் முந்தையது. விலையேற்ற ஈடு அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது. கடைசி நாள் அக்டோபர் 20 என்றால் அது செப்டம்பர் 22. நவம்பர் 10 என்றால் அக்டோபர் 13. இடையில் இரும்பு விலை ஏறியிருந்தால், பழைய கணக்கில் அந்த ஏற்றத்தை ஈடாகக் கேட்கலாம். புதிய கணக்கில் அது ஒப்பந்ததாரர் போடும் விலைக்குள்ளேயே இருக்க வேண்டும். செப்டம்பர் மாதம் குழாய் ஆலையிடமிருந்து வாங்கிய விலைக்கடிதத்தை வைத்துக்கொண்டு நவம்பரில் ஒப்பந்தப்புள்ளி போடுகிறவர், அந்த மூன்று வார ஏற்றத்தைத் தன் கையிலிருந்து கொடுப்பார். சுருக்கத் தாளில் "தேதி நீட்டிப்பு" என்ற ஒரு வரியின் கீழே உத்தரவாதம், செல்லுபடிக் காலம், அடிப்படைத் தேதி, விற்பனையாளர் விலைக்கடிதம் என்று நான்கு வேலைகள் நிற்க வேண்டும்.

வரி பற்றி ஒரு சொல். விகிதம் ஜிஎஸ்டி உட்பட்டதா, தனியா என்ற கேள்வி வராத ப்ரீ-பிட் கூட்டம் அபூர்வம். அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் செய்யும் கட்டுமானப் பணிகள் பலவற்றுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 2022 ஜூலை 18 முதல் உயர்ந்தபோது, இந்த ஒரு வரிப் பதிலைச் சரியாக ஏற்றியவருக்கும் ஏற்றாதவருக்கும் இடையே லாபம் முழுவதும் போகிற அளவுக்கு வித்தியாசம் இருந்தது. பதிலை அதன் சொற்களோடு எடுத்துவைத்து, பட்டியல் தாளில் வரிக்கென்று தனி நெடுவரிசை இருக்கிறதா என்பதோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

இனி, இந்தச் சுருக்கம் எந்த வடிவில் இருக்க வேண்டும்? நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. கூட்டக் குறிப்பைத் தலைப்பு வாரியாகச் சுருக்கி ஓர் அறிக்கை எழுதுவது முதல் வழி, மேலதிகாரிகள் விரும்புவது. படிக்க இனிமையாக இருக்கும், விலை போடுகிறவருக்குப் பயன்படாது. எந்த வரி எந்த இனத்தைத் தொடுகிறது என்று அதில் தெரியாது. மூல ஆவணத்திலேயே திருத்தங்களை ஏற்றி முழுப் பிரதி தயாரிப்பது இரண்டாவது வழி. பணி கிடைத்த பிறகு தளத்தில் வேலை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் ஒப்பந்தப்புள்ளிக் காலத்தின் நெருக்கடியில் அதற்கு நேரம் போதாது. மேலும் விகிதத்தில் அடங்கியதாகக் கருதப்படும் என்ற வகைப் பதில்களுக்கு அந்தப் பிரதியில் இடமே இல்லை. மூன்றாவது, பட்டியலின் இன எண்ணை முதுகெலும்பாக வைத்த மாற்றப் பதிவேடு. விலைக்கு இதுதான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பதிவேட்டின் ஒரு வரியில், மேலே பார்த்த சாலைச் சீரமைப்பை எடுத்தால், இவை இருக்கும்: எங்கிருந்து வந்தது (கேள்வி எண், பக்கம்); பழைய வாசகம்; பதிலின் வாசகம், ஒரு சொல்லும் மாற்றாமல்; தொடும் இனம்; கணக்கு (9,000 × 0.8 × 180), தொகை, ஏற்றியவரின் கையொப்பம். வாசகத்தை நம் சொற்களில் சுருக்கவே கூடாது. "தற்காலிகச் சீரமைப்பு" என்பதை ஒருவர் வெறும் "சீரமைப்பு" என்று சுருக்கினால், அடுத்தவர் நிரந்தரத் தார் போடும் செலவையும் சேர்த்துவிடுவார். விலை ஏறிப் பணி கைநழுவும். சுருக்க வேண்டியது வரிகளின் எண்ணிக்கையைத்தான். வரிக்குள் இருக்கும் சொற்களைத் தொடக் கூடாது.

பதிவேடு முழுமையா என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். முதலாவது எண்ணிக்கை. 64 கேள்விகளில் வாசகத்தை மாற்றியவை 9, செலவின் பொறுப்பைச் சொன்னவை 6, உறுதிப்படுத்தியவை 34, மறுத்தவை 15. கூட்டினால் 64 வர வேண்டும். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் இருக்கலாம், ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கலாம். அவற்றை ஒரே கேள்வி எண்ணின் கீழ்த் தனித்தனியே எழுதினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். இரண்டாவது பணக் கணக்கு. கேள்விகளுக்கு முன்பு போட்ட மொத்தம், இப்போதைய மொத்தம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பதிவேட்டின் தொகைகளின் கூட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும். குழாய் வகைக்கு 3,64,500, சீரமைப்புக்கு 12,96,000 என்று ஏறியிருக்க, மொத்தம் மூன்றரை லட்சமே கூடியிருந்தால், பதிவேட்டில் எழுதியது பட்டியலில் ஏறவில்லை என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

மொத்தத்துக்கு மேல் அல்லது கீழ் இத்தனை சதவீதம் என்று ஒரே எண் எழுதும் டெண்டர்களில் சிக்கல் கூடுதல். அங்கே இனவாரி விலை அலுவலகம் போட்டது. ஒப்பந்ததாரர் எழுதுவது ஒரே எண். ஆகவே ஏற்ற வேண்டிய எல்லாத் தொகைகளும் அந்தச் சதவீதத்துக்குள் கரைந்துவிடும். அடெண்டம் மதிப்பீட்டுத் தொகையை மாற்றியிருந்தால் அந்தப் பகுதி தானாகவே வந்துவிடும். அதை மறுபடி சதவீதத்தில் சேர்த்தால் இரண்டு முறை ஏற்றியதாகும். மதிப்பீட்டைத் தொடாத பொறுப்புச் செலவுகள் மட்டுமே சதவீதத்துக்குள் போக வேண்டும்.

காண்ட்ராக்டர் அலுவலகத்தில் சுருக்கம் தயாரானதோடு பயணம் முடிவதில்லை. குழாய் ஆலைக்கும் பள்ளம் தோண்டும் துணை ஒப்பந்ததாரருக்கும் அவரவரைத் தொடும் வரிகள் மட்டும் போக வேண்டும். 64 பதில்களையும் அப்படியே அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. "டெண்டர் நிபந்தனைப்படி" என்று ஒரு வரியோடு பழைய விலையே திரும்பி வரும். ஆலைக்குப் போகும் கடிதத்தில் கே-9, 810 மீட்டர், கே-7, 11,590 மீட்டர், விலை மார்ச் 10 வரை செல்ல வேண்டும் என்ற மூன்று செய்திகள் போதும். திரும்பி வரும் விலைக்கடிதத்தில் அந்த மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இத்தனை உழைப்பில் பாதியை டெண்டர் கோரும் அலுவலகமே குறைக்க முடியும். பதில் அட்டவணையில் ஒரு நெடுவரிசை கூட்டி, "ஆவணத்தில் மாற்றம்: ஆம், இல்லை" என்றும், ஆம் என்றால் எந்த அடெண்டத்தின் எந்த வரி என்றும் எழுதினால் போதும். புதிய பட்டியல் வெளியிடும்போது மாறிய இனங்களை மட்டும் ஒரு தாளில் தர வேண்டும். சில அலுவலகங்கள் இதைச் செய்கின்றன. செய்யாததற்குச் சொல்லப்படும் காரணம், எழுதிக் கொடுத்தால் பின்னால் கட்டுப்பட வேண்டியிருக்கும் என்பது. தெளிவில்லாத பதிலுக்கும் அலுவலகம் விலை கொடுக்கிறது. சீரமைப்பு யாருடையது என்று தெரியாதபோது நான்கு பேர் நான்கு அனுமானத்தில் விலை போடுகிறார்கள். மிகக் குறைந்த விலை, பெரும்பாலும், அந்தச் செலவை மறந்தவருடையதாக இருக்கும். பணி அவருக்குப் போகும். ஆறாவது மாதத்தில் பள்ளம் மூடாத தெருக்களில் மக்கள் நடக்க முடியாமல் நிற்பார்கள்.

ஏற்றும் நாளில் மீதியிருப்பது சில நிமிட வேலைதான், ஆனால் அதை விட்டுவிட முடியாது. பட்டியல் திருத்தப்பட்டிருந்தால் மின் டெண்டர் தளத்திலிருந்து புதிய கோப்பை இறக்கி அதில்தான் விலை நிரப்ப வேண்டும். முன்பே ஏற்றியவர் மறுபடி ஏற்ற வேண்டும். எந்த இனத்தையும் வெறுமையாக விடக் கூடாது. விலை எழுதாத இனம் மற்ற விகிதங்களில் அடங்கியதாகக் கொள்ளப்படும், புதிதாகச் சேர்ந்த கே-9 இனம் அப்படி விடுபடுவதற்கு மிக எளிதான ஒன்று. உலக வங்கி வகை ஒப்பந்தப்புள்ளிக் கடிதத்தில், அடெண்டங்கள் உட்பட ஆவணத்தை ஆராய்ந்தோம், மறுப்பு ஏதும் இல்லை என்ற வாக்கியம் இருக்கிறது. அடெண்டங்களின் எண்ணைக் கேட்கும் இடம் இருந்தால் ஒன்று, இரண்டு என்று எழுதுவதற்கு முன், அன்று காலை தளத்தைத் திறந்து மூன்றாவது ஒன்று வந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.